94,400 ரூபாய்க்குப் பில், பாங்கில் வந்தது 86,400: கட்டட ஆலோசகர்களின் ஜிஎஸ்டி, டிடிஎஸ் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைச் சீர்செய்யவும் விடுதியாக மாற்றவும் ஆலோசனை சொல்லும் கட்டடக்கலைஞர்கள், பொறியாளர்கள், உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்குப் போட்டவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, சம்பளம் தவிர்த்த பிடித்தங்கள் பற்றிய பழைய பிரிவுகள் 393-ஆம் பிரிவுக்குள் போய்விடுகின்றன. எண்தான் மாறுகிறது, கணக்குப் போடும் முறை அதேதான்.

கானாடுகாத்தான் வீட்டு வேலைக்கு 94,400-க்குப் பில் கொடுத்தேன். 86,400தான் வந்திருக்கு. 8,000 எங்கே போச்சு?

உங்கள் பெயரில் வருமான வரிக் கணக்கில் இருக்கிறது. பில்லில் ஜிஎஸ்டி கூடுகிறது, பணம் தரும்போது வருமான வரிக்கான பிடித்தமான டிடிஎஸ் குறைகிறது. இரண்டும் வேறு வேறு சட்டம். பில்லை அப்படியே எழுதிப் பார்த்தால் தெரியும்:

```
வரைபடம், மேற்பார்வைக் கட்டணம்      80,000
சிஜிஎஸ்டி 9%                          7,200
எஸ்ஜிஎஸ்டி 9%                         7,200
பில் தொகை                            94,400
டிடிஎஸ்: 80,000-க்கு 10%            - 8,000
பாங்கில் வரவு                         86,400
```

மேலே இருக்கும் நான்கு வரிகளும் நீங்கள் எழுதுபவை. ஐந்தாவது வரியைப் பார்ட்டி தன் கணக்கில் எழுதுகிறார். அதை உங்கள் பில்லில் நீங்கள் போடக் கூடாது. பில்லின் அடியில் ‘டிடிஎஸ் கழித்து 86,400 தரவும்’ என்று எழுதி, மொத்தத்தையே 86,400 ஆக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஜிஎஸ்டி படிவத்தில் போகும் தொகையும் பில்லும் ஒத்துப் போகாது. பில் எப்போதும் 94,400-இல் முடிய வேண்டும்.

கட்டடக்கலை, பொறியியல், உள்ளலங்காரம் மூன்றும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தொழில்கள். அதனால் பழைய 194ஜே பிரிவின்படி 10 சதவீதம். சில கம்பெனிகளின் கணக்குப்பிரிவு இதைத் ‘தொழில்நுட்பச் சேவை’ என்று எடுத்துக்கொண்டு 2 சதவீதம் மட்டும் பிடித்து 92,800 அனுப்பிவிடும். கையில் கூட வந்தது என்று நினைக்க வேண்டாம். மீதி வரியை நீங்களே கட்ட வேண்டும். அது ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தொட்டால் முன்வரியாகவே கட்ட வேண்டிவரும்.

சரி, இந்த 86,400-ல் நான் செலவு பண்ணக்கூடியது எவ்வளவு?

72,000. மிச்சம் 14,400 அரசாங்கத்துப் பணம், உங்கள் கணக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். உங்கள் வருமானம் 80,000. அதில் 72,000 பாங்கில் இருக்கிறது, 8,000 முன்கூட்டியே வரியாகப் போயிருக்கிறது. ஆக, பாங்கு காட்டும் எண்ணில் உங்களுடையது அல்லாத 14,400 சேர்ந்திருக்கிறது, உங்களுடைய 8,000 சேரவில்லை. குழப்பமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது. பணம் வந்த அன்றைக்கே 14,400-ஐ வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றி வைப்பது நல்லது.

ஜிஎஸ்டி பதிவே இல்லாத ஆலோசகர் (ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள்) இதே வேலைக்கு 80,000 பில் போட்டால், 8,000 பிடித்தம் போக 72,000 வரும். செலவுக்குக் கிடைப்பது இருவருக்கும் ஒன்றே. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

உங்களுக்குச் செலவுக்கென்று 80,000 வேண்டும் என்றால் கட்டணத்தை 0.90-ஆல் வகுத்துக் கேளுங்கள்: 88,889. பேச்சுவார்த்தையிலேயே இதைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் எழுதிய பிறகு சொல்லிப் பயனில்லை.

எனக்கு 84,960தான் வந்தது. 10% பிடிச்சேன்னு சொல்றாங்க. கணக்கு இடிக்குதே?

94,400 முழுவதற்கும் 10 சதவீதம் பிடித்திருக்கிறார்கள், 9,440. உங்கள் கட்டணத்துக்கு மட்டும்தான் பிடிக்க வேண்டும். வருமான வரித்துறையின் 2017 ஜூலை 19 தேதியிட்ட 23/2017 எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: இருவருக்கும் இடையிலான ஒப்பந்தப்படி ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே வேலை உத்தரவிலேயே ‘கட்டணம் 80,000, ஜிஎஸ்டி தனி’ என்று இருக்கட்டும். பில்லிலும் அது தனி வரியாக நிற்கட்டும்.

என்ன நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பாங்கில் வந்த தொகையைக் கட்டணத்தால் வகுங்கள். வரும் எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்:

```
வந்த தொகை / கட்டணம்
1.18    பிடித்தமே இல்லை
1.16    கட்டணத்துக்கு 2%
1.08    கட்டணத்துக்கு 10%  (சரியானது)
1.062   பில் மொத்தத்துக்கும் 10%
1.06    அரசுப் பார்ட்டி: 10% + ஜிஎஸ்டியில் 2%
0.98    கட்டணத்துக்கு 20%  (பான் கோளாறு)
```

84,960-ஐ 80,000-ஆல் வகுத்தால் 1.062. அடுத்த வரியில் இருக்கும் 1.06-உடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரசுப் பார்ட்டிக்கு வருவது, தவறு அல்ல. கடைசி வரி வந்தால் பார்ட்டியிடம் சண்டை போடும் முன் உங்கள் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். செயலிழந்த பான் என்று காட்டினால் 20 சதவீதம் பிடிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

கூடுதலாகப் பிடித்த 1,440-ஐ என்ன செய்வது? டிடிஎஸ் பணத்தைப் பார்ட்டி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு முன் சொன்னால் திருத்திவிட்டு 1,440-ஐ உங்களுக்கு அனுப்பலாம். கட்டிய பிறகு என்றால் விட்டுவிடுங்கள். 9,440-ம் உங்கள் பெயரில்தான் ஏறும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். காசு போகவில்லை, காலம்தான் போகிறது. ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: உங்கள் பெயரில் ஏறிய பிடித்தங்களைக் காட்டும் `26AS`-இல் வரவு 80,000-க்குப் பதிலாக 94,400 என்று காட்டும். ரிட்டர்னில் நீங்கள் 80,000 போடுவதால் துறை வித்தியாசம் கேட்கலாம். பில்லின் நகலும், 14,400 ஜிஎஸ்டியாகக் கட்டிய ரசீதும் இருந்தால் பதில் சொல்வது எளிது.

வீடு கானாடுகாத்தானில். வாங்கிய கம்பெனி பெங்களூரு. அவங்க ‘ஐஜிஎஸ்டி போட்டுத் தாங்க, இல்லேன்னா பில்லைத் திருப்பிடுவோம்’ங்கிறாங்க. போடலாமா?

போடக் கூடாது. செட்டிநாட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது.

பொதுவாக வேறு மாநிலத்தில் பதிவு பெற்ற பார்ட்டி என்றால் ஐஜிஎஸ்டிதான். ஆடிட்டர் அலுவலகத்தில் பில் அடிக்கும் பையனும் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்குவதைப் பார்த்து ஐஜிஎஸ்டி போட்டுவிடுவான். ஆனால் அசையாச் சொத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சேவைக்குத் தனி விதி இருக்கிறது. ஐஜிஎஸ்டி சட்டத்தின் 12(3) பிரிவு கட்டடக்கலைஞர், உள்ளலங்காரம் செய்பவர், நில அளவையர், பொறியாளர் ஆகியோரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவர்களின் சேவை நடந்த இடம், சொத்து இருக்கும் இடம். நீங்கள் காரைக்குடியில், சொத்து கானாடுகாத்தானில், இரண்டும் தமிழ்நாடு. ஆகவே சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9. பார்ட்டி பெங்களூரு என்பதால் எதுவும் மாறாது.

`GSTR-1`-இல் பார்ட்டியின் எண்ணை அடித்ததும் சேவை இடம் என்ற கட்டத்தில் கர்நாடகா தானாக வந்து உட்காரும். அதை `33-Tamil Nadu` என்று கையால் மாற்றுங்கள். வரிக் கட்டங்கள் உடனே இரண்டாகப் பிரியும். அப்படிப் பிரியவில்லை என்றால் இடம் மாறவில்லை என்று அர்த்தம்.

அவர்கள் ஐஜிஎஸ்டி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியைக் கர்நாடகப் பதிவில் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. அவர்களுடைய `GSTR-2B`-இல் உங்கள் பில் கிடைக்காத வரவுப் பட்டியலில் போய் நிற்கும். 14,400 அவர்களுக்குச் செலவாகிவிடும். இதற்கு இரண்டு பதில்கள் சொல்லலாம். ஒன்று, கானாடுகாத்தானில் விடுதி நடத்தப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் எப்படியும் பதிவு எடுக்கத்தான் போகிறார்கள். அதை இப்போதே எடுத்து, 33-இல் தொடங்கும் அந்த எண்ணுக்குப் பில் வாங்கலாம். இரண்டாவது, வீட்டைப் புதுப்பிக்கும் செலவைச் சொத்து மதிப்பில் ஏற்றினால் அதற்கான உள்ளீட்டு வரியை சிஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. ஐஜிஎஸ்டி போட்டுக் கொடுத்தாலும் அவர்களுக்கு அது கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அவர்களின் ஆடிட்டரிடம் இந்த இரண்டாவது விஷயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாக்குவாதம் அங்கேயே அடங்கும்.

ஏற்கெனவே ஐஜிஎஸ்டி கட்டிவிட்டீர்கள் என்றால் சரியான வரியை இப்போது கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதை `RFD-01` படிவத்தில் திரும்பக் கேட்கலாம். சரியான வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். இதற்கு வட்டி கிடையாது. ஆனால் ஒரே பில்லுக்கு 14,400-ஐ இரண்டாவது முறை கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் மலேசியாவில். பணம் அங்கிருந்து வருது. ஏற்றுமதின்னு ஜிஎஸ்டி இல்லாமப் பில் போடலாம்னு சொல்றாங்களே?

வீடு இங்கே இருக்கும்வரை அது ஏற்றுமதி ஆகாது. பணம் ரிங்கிட்டில் வந்தாலும், பார்ட்டி கோலாலம்பூரில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தாலும், ஐஜிஎஸ்டி சட்டத்தின் 13(4) பிரிவின்படி சேவை நடந்த இடம் சொத்து இருக்கும் ஊர்தான். 18 சதவீதம் போட்டே ஆக வேண்டும், சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியுமாக. இதே ஆலோசகர் பினாங்கில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு இங்கிருந்து வரைபடம் அனுப்பினால் கதை வேறு.

போடாமல் விட்டால் பின்னால் துறை கேட்கும்போது உங்கள் கட்டணத்திலிருந்து கட்ட வேண்டிவரும். மூன்று வருடம் கழித்துக் கோலாலம்பூருக்குப் போன் போட்டு 14,400 கேட்பது யாருக்கும் இனிமையான வேலை இல்லை.

எங்க ஐயா வீடு, பங்காளிகள் ஆறு பேர் சேர்ந்து ஓடு மாத்தி, சுண்ணாம்புப் பூச்சு பண்றோம். கன்சல்டன்டுக்கு டிடிஎஸ் பிடிக்கணுமா?

வேண்டாம். சொந்த வீட்டுக்காகத் தனிநபர் தரும் தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே பொருந்தாது. ஒருவருக்கு ஆண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால்தான் வேறொரு பிரிவு வருகிறது. பட்டாலையும் முகப்பும் சீர்செய்யும் வேலைக்கு அவ்வளவு கட்டணம் வராது. ஆலோசகர் பதிவு பெற்றவர் என்றால் 94,400 முழுதாகத் தர வேண்டும். பில்லை யார் பெயரில் போடுவது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடியுங்கள். பாதிப் பணம் வந்த பிறகு பெயரை மாற்றச் சொன்னால் பழைய பில்லுக்கு வரவுக் குறிப்பு போட்டு, புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

முன்பணம் 47,200 முழுசா வந்தது. ரெண்டாவது பில்லும் அதே தொகைதான், ஆனா 39,200 மட்டும் வந்திருக்கு. 10%க்கு மேல பிடிச்சிருக்காங்களே?

இரண்டு பில்லுக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள், அது சரிதான். ஒரே பார்ட்டியிடமிருந்து நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை பிடித்தம் தேவையில்லை (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). முதல் பில்லில் உங்கள் கட்டணம் 40,000, வரம்புக்குள் இருந்தது, பிடிக்கவில்லை. இரண்டாவது 40,000 வந்ததும் மொத்தம் 80,000 ஆகி வரம்பைத் தாண்டியது. தாண்டினால் மிஞ்சிய 30,000-க்கு மட்டும் அல்ல, முழு 80,000-க்கும் பிடிக்க வேண்டும். ஆகவே 8,000-ம் இரண்டாவது பில்லில் விழுந்தது. 47,200-ம் 39,200-ம் கூட்டினால் அதே 86,400.

வேலை உத்தரவே 80,000-க்கு இருப்பதைப் பார்த்து, சில கம்பெனிகள் முதல் பில்லிலேயே 4,000 பிடித்துவிடும். அப்போது இரண்டு முறையும் 43,200 வரும். இது உங்களுக்கு வசதியானது, சம்பளம் கொடுக்க வேண்டிய மாதத்தில் திடீரென்று துண்டு விழாது.

டிசம்பர் 10 பில் போட்டேன். பணம் பிப்ரவரி 25-லதான் வந்தது. வராத பணத்துக்கு ஜனவரியிலேயே ஜிஎஸ்டி கட்டச் சொல்றாங்க. நியாயமா?

நியாயம் வேறு, சட்டம் வேறு. சேவைக்குப் பில் தேதி அல்லது பணம் வந்த தேதி, இரண்டில் முந்தியது எதுவோ அன்றைக்கே வரி பிறந்துவிடுகிறது. நீங்கள் காலாண்டு முறையில் இருந்தால் டிசம்பர் பில்லின் வரியை ஜனவரி 22-க்குள் `GSTR-3B`-இல் கட்ட வேண்டும். மாத முறை என்றால் ஜனவரி 20. பார்ட்டி தந்தாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பணம் வந்ததும் கட்டலாம் என்று பிப்ரவரி 25 வரை பொறுத்திருந்தால் 34 நாள் தாமதம். 18 சதவீத வட்டி 14,400-க்கு ஏறக்குறைய 241 ரூபாய். ஆனால் வரி கட்டாமல் படிவத்தையும் போட முடியாது, படிவம் பிந்தினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். 34 நாளுக்கு 1,700. வட்டியைவிட இதுதான் கடிக்கிறது.

இதைத் தவிர்க்க வழி பில் போடும் நாளில் இருக்கிறது. வேலை முடிந்து 30 நாளுக்குள் வரிப் பில் போட வேண்டும் என்பதுதான் விதி, முடிந்த அன்றே போட வேண்டும் என்பதல்ல. முதலில் உத்தேசப் பில் அனுப்புங்கள். அதில் ‘இது வரிப் பில் அல்ல’ என்று எழுதி, பில் எண் வரிசையையும் தனியாக வையுங்கள். அளவுகளையும் தொகையையும் பார்ட்டி ஒப்புக்கொண்ட பிறகு, அந்த 30 நாளுக்குள் அசல் பில் போடலாம். டிசம்பர் 10-இல் முடிந்த வேலைக்கு ஜனவரி முதல் வாரம் பில் போட்டாலும் தவறில்லை. காலாண்டுக்காரருக்கு வரி கட்டும் நாள் ஏப்ரலுக்குத் தள்ளிப் போகிறது. மாதந்தோறும் கட்டும் வரித் தவணை மட்டும் `PMT-06` வழியாக அடுத்த மாதம் 25-க்குள் போக வேண்டியிருக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீளும் வேலை என்றால் ஒப்பந்தத்தில் கட்டங்களை எழுதுங்கள்: அளவெடுப்பு முடிந்ததும் இவ்வளவு, வரைபடம் ஒப்புதல் ஆனதும் இவ்வளவு, மேல்தளச் சுண்ணாம்புப் பூச்சு முடிந்ததும் இவ்வளவு என்று. அந்தக் கட்டம் முடியும் நாள்தான் பில் போடும் நாள். ‘பூச்சு முடிந்ததும்’ என்று எழுதுவதில் ஒரு ஆபத்து உண்டு. பழைய செட்டிநாட்டுப் பூச்சு பல அடுக்காகப் போவது, எது முடிவு என்பதில் பார்ட்டிக்கும் கொத்தனாருக்கும் கருத்து வேறுபடும். அளந்து சொல்லக்கூடிய கட்டத்தை எழுதுங்கள்: முற்றத்தைச் சுற்றிய நான்கு சுவரும் கடைசித் தேய்ப்பு ஆனதும் என்று.

பார்ட்டி 72,000 மட்டும் அனுப்பிட்டு ஜிஎஸ்டி அப்புறம்னு சொல்றார்.

உங்கள் பில் அவருடைய `GSTR-2B`-இல் தெரியும்வரை வரித் தொகையை நிறுத்தி வைக்கும் கம்பெனிகள் நிறைய. காலாண்டு முறையில் இருப்பவர்கள் முதல் இரண்டு மாதப் பில்களை மாதந்தோறும் 13-ஆம் தேதிக்குள் `IFF` வசதியில் ஏற்றிவிட்டால் பார்ட்டிக்கு அந்த மாதமே தெரியும், உங்கள் 14,400-ம் சீக்கிரம் வரும். ஏற்றாமல் காலாண்டு இறுதிவரை வைத்திருந்தால் அவர் காத்திருப்பதில் தவறு சொல்ல முடியாது.

எட்டாயிரம் பிடிச்சாச்சுன்னு சொல்றார். என் 26ஏஎஸ்-ல ஒண்ணுமே காணோம்.

முதலில் நாளைப் பாருங்கள். டிசம்பரில் பிடித்தது என்றால் ஜனவரி 7-க்குள் கட்ட வேண்டும். ஆனால் பணம் கட்டியதும் உங்கள் பெயரில் ஏறிவிடாது. யாருக்காகக் கட்டினேன் என்று பார்ட்டி காலாண்டு அறிக்கை `26Q` போட வேண்டும், அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கு ஜனவரி 31 கடைசி நாள். ஆகவே பிப்ரவரி நடுவில் பாருங்கள். அதற்குள் பார்ட்டி உங்களுக்கு 16ஏ சான்றிதழும் தந்திருக்க வேண்டும்.

பார்க்கும் வழி: வருமான வரித் தளத்தில் `e-File`, அதில் `Income Tax Returns`, அதில் `View Form 26AS`. பார்ட்டி பெயருக்கு எதிரே பிரிவு `194JB` என்றும் நிலை `F` என்றும் இருக்க வேண்டும். `U` என்று இருந்தால் கட்டிய பணமும் அறிக்கையும் பொருந்தவில்லை. அதை வைத்துக் கழித்துக்கொள்ள முடியாது, பார்ட்டிதான் திருத்த வேண்டும்.

பிப்ரவரி தாண்டியும் வரி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பான் எண்ணில் ஒரு எழுத்து மாறி, உங்கள் 8,000 முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அல்லது பிடித்ததைக் கட்டவே இல்லை. முதலாவதற்குத் திருத்த அறிக்கை போதும். இரண்டாவதற்கு, பழைய சட்டத்தின் 205-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது: உங்களிடம் பிடித்த வரியை உங்களிடமே மறுபடி வசூலிக்கக் கூடாது. ஆனால் பிடித்தார்கள் என்பதற்கு ஆதாரம் உங்கள் கையில் வேண்டும். பணம் அனுப்பும்போது வரும் விவரச் சீட்டில் ‘பில் 94,400, டிடிஎஸ் 8,000, நிகரம் 86,400’ என்று இருக்கும். அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

‘எல்லாம் சேர்த்து எண்பதாயிரம்’னு வாயால பேசி முடிச்சேன். இப்போ எப்படிப் பில் போடறது?

எண்பதாயிரத்துக்குள் வரி அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்:

```
கட்டணம்  = 80,000 / 1.18       = 67,796.61
ஜிஎஸ்டி  = 80,000 - 67,796.61  = 12,203.39
டிடிஎஸ்  = 67,796.61-க்கு 10%   =  6,780
வரவு     = 80,000 - 6,780       = 73,220
```

வரி கட்டிய பிறகு உங்களிடம் நிற்பது சுமார் 61,017. ‘ஜிஎஸ்டி தனி’ என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் 72,000. பில்லில் வரியைப் பிரிக்காமல் 80,000 என்று ஒரே வரியாகப் போட்டால் இன்னும் மோசம், பார்ட்டி முழு 80,000-க்கும் 8,000 பிடிப்பார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மதுரைக்கு நாலு தடவை காரில் போன செலவு 5,000. அதைப் பில்லில் சேர்த்தா அதுக்கும் வரியா?

ஆமாம், இரண்டு வரியுமே. கட்டணம் 80,000, பயணம் 5,000 என்று ஒரே பில்லில் போட்டால் 85,000-க்கு ஜிஎஸ்டி 15,300, டிடிஎஸ் 8,500, கையில் 91,800. செலவுத் தொகைக்குப் பிடித்த 500-ஐ ரிட்டர்னில் மீட்கலாம், 5,000-ஐச் செலவாகவும் எழுதலாம். ஆனால் காரை நேராகப் பார்ட்டியே அமர்த்தி அவர் பெயரில் ரசீது வாங்கினால் இந்தச் சுற்றே இல்லை. சுண்ணாம்பு மாதிரிச் சோதனை, ஆத்தங்குடிக் கல் மாதிரி வாங்குவது போன்றவற்றையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

அரசுத் துறை வேலை. 3 லட்சம் கட்டணம், 3,18,000தான் வந்திருக்கு.

ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டினால் அரசுத் துறைகள் ஜிஎஸ்டிக்கும் 2 சதவீதம் பிடிக்கும். பில் 3,54,000. வருமான வரிக்கு 30,000, ஜிஎஸ்டிக்கு 6,000. அந்த 6,000 தானாக உங்களிடம் வராது. ஜிஎஸ்டி தளத்தில் `TDS and TCS Credit Received` என்ற பக்கத்தைத் திறந்து ஏற்றுக்கொள்கிறேன் என்று கொடுத்தால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டில் ஏறும். ஏறியதும் 54,000-க்குப் பதில் 48,000 கட்டினால் போதும். பல பேருக்கு இந்தப் பக்கம் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் பணம் அங்கே கிடக்கிறது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அவற்றின் அரசமைப்புக் கடமைகளுக்காகச் செய்யும், பொருள் எதுவும் சேராத சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பில் போடும் முன் வேலை அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 28 பில். பணம் ஏப்ரல் 20. டிடிஎஸ் எந்த வருஷத்தில் காட்டறது?

பார்ட்டி மார்ச் 31-க்குள் உங்கள் பில்லைக் கணக்கில் ஏற்றியிருந்தால் பணம் தராவிட்டாலும் அன்றே பிடித்தாக வேண்டும். அதனால் 8,000 பழைய ஆண்டின் `26AS`-இல் விழும். நீங்கள் பில் தேதியை வைத்து வரவு எழுதுகிறவர் என்றால் 80,000-ஐயும் அதே ஆண்டில் காட்டுங்கள், பிரச்சினை இல்லை. பணம் வந்த நாளை வைத்து எழுதுகிறவர் என்றால் வரவு அடுத்த ஆண்டுக்குப் போகிறது, பிடித்தமும் அதோடு போக வேண்டும். ரிட்டர்னின் டிடிஎஸ் அட்டவணையில் அந்த 8,000-ஐ அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் கட்டத்தில் போடுங்கள். வரவை மட்டும் தள்ளிவிட்டு வரியை இந்த ஆண்டே கழித்தால் நோட்டீஸ் வரும்.

பேரேட்டிலும் அதே ஒழுங்கு: பில் நாளில் பார்ட்டி கணக்கில் பற்று 94,400. பணம் வந்த நாளில் பாங்கு 86,400, டிடிஎஸ் 8,000 என்று இரண்டு பதிவும் சேர்ந்து பார்ட்டி கணக்கை நேர் செய்ய வேண்டும். டிடிஎஸ் பதிவை எழுதாமல் விட்டால் பார்ட்டி இன்னும் 8,000 தர வேண்டும் என்றே ஏடு காட்டிக்கொண்டிருக்கும், வருடம் கழித்து யாராவது அதைக் கேட்டு அவருக்குக் கடிதமும் எழுதிவிடுவார்கள்.